இடது பக்கத்தை வெட்டச் சொன்ன கடிதம்

தராசு அக்கா தன்னுடைய வேதிவினைக் குறிப்புத் தாள்கள் அத்தனையையும் ஒரு தலையணை உறையில் போட்டு, வாயைத் துணி உலர்த்தும் கிளிப்பால் பூட்டி, மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். மகள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது டீச்சர் முதலில் அது சலவைத் துணி என்றே நினைத்தாள்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க. இதை எப்படியாவது சின்னதாக்கணுமாம். போன்ல சொன்னா தலையில நிக்காதாம், எழுதியே குடுக்கணுமாம்."

"எத்தனை தாள் இருக்கு?"

"நூத்துப் பன்னெண்டு. எண்ணித்தான் அனுப்பியிருக்காங்க. ஒண்ணு குறைஞ்சாலும் என் தோலை உரிச்சுடுவாங்க."

அன்று திங்கட்கிழமை. தேர்வு வாரம் தொடங்கிவிட்டது. கரிம வேதியியல் தாள் வெள்ளிக்கிழமை காலை. மற்ற இரண்டு தாள்களையும் அக்கா முன்பே தாண்டிவிட்டாள். இந்த ஒன்று மட்டும் மூன்று முறை அவளைக் கீழே தள்ளியிருந்தது. இது நான்காவது முறை. ஐந்தாவது முறை எழுத விதியில் இடமில்லை.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளர். நாள் முழுவதும் தராசின் முன்னால் உட்கார்ந்து மில்லிகிராம் கணக்கில் எடை போடுவதால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் தராசு அக்கா. அவள் எடை போட்டுக் கொடுப்பதை வைத்து ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். இந்தத் தாளில் தேறினால் அவளும் கையெழுத்துப் போடலாம். தேறாவிட்டால் ஓய்வு பெறும்வரை ஸ்பூனும் கையுமாக அதே முக்காலிதான். அவள் டீச்சரைவிட ஆறு வயது பெரியவள். ஆனாலும் டீச்சர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். எத்தனை முறை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

டீச்சர் தாள்களை மேசையில் பரப்பினாள். இரண்டு நிமிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாளுக்கு ஒரு வினை. அடுக்கியிருந்த விதம்தான் வேடிக்கை. கூடத்து அலமாரியில் பாட்டில்கள் எந்த வரிசையில் நிற்குமோ அதே வரிசை. பொட்டாசியம் சயனைடு என்றால் அது தொடும் வினை எல்லாம் ஒரே கட்டு. லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு இன்னொரு கட்டு. எதை எதிலிருந்து செய்வது என்று தேடினால் கிடைக்காது. எந்த பாட்டிலைத் திறந்தால் என்ன நடக்கும் என்று தேடினால் கிடைக்கும். 'தேர்வில் எவன் வந்து பாட்டிலைக் கையில் கொடுத்துக் கேட்கப்போகிறான்?' என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டின் நடுவே இரண்டு தாள்கள் மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தன. ஒன்று ஆல்கஹாலுக்கு, ஒன்று கார்பாக்சிலிக் அமிலத்துக்கு. தாளின் நடுவில் சேர்மத்தின் பெயர். அதற்கு வலப்பக்கம் அம்புகள் வெளியே போயின. இடப்பக்கம் அம்புகள் உள்ளே வந்தன. அம்புக்கு மேலே வினைக்காரணி, கீழே வெப்பநிலை, ஓரத்தில் சிவப்பு மையில் குட்டிக் குட்டி எண்கள்.

தம்பியின் கையெழுத்து.

கரிம வேதியியல் அவன் பாடம். அவளுடையது கணக்கும் வெப்பமும் சமநிலையும்; அதாவது, அவன் சொல்வதுபோல், "வாசனையே இல்லாத வேதியியல்". இருவருமாகச் சேர்ந்துதான் வீட்டு முன்னறையில் டியூஷன் நடத்தினார்கள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாவது நாள் அவன் இல்லை. அவன் பாதியில் விட்ட மாணவர்களை அவள் எடுத்துக்கொண்டாள். அக்கா அவர்களில் ஒருத்தி. அவன் அக்காவுக்கு வரைந்து கொடுத்தது இந்த இரண்டு தாள்கள்தான் போலிருக்கிறது. அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

டீச்சர் அந்த இரண்டையும் அதிக நேரம் பார்க்கவில்லை. பார்த்தால் அன்றைய பொழுது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கவிழ்த்து வைத்தாள். பிறகு நான்கு பக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

"அன்புள்ள அக்காவுக்கு,

நூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் பார்த்தேன். ஒரு வினைகூடத் தவறில்லை. உழைப்பில் குறையே இல்லை; அடுக்கியதில்தான் குறை. பாட்டில் வரிசையை மறந்துவிடுங்கள். வினைசெயல் தொகுதி வாரியாகப் பிரிப்போம். ஒரு தொகுதிக்கு ஒரே ஒரு பெரிய தாள்.

ஆல்கேன், ஆல்கீன், ஆல்கைன், ஹாலோ ஆல்கேன், ஆல்கஹால், ஈதர், ஆல்டிஹைடு, கீட்டோன், கார்பாக்சிலிக் அமிலம், எஸ்டர், அமைடு, நைட்ரைல், நைட்ரோ, அமீன். மொத்தம் பதினான்கு. தாளின் மேலே தொகுதியின் பெயர், பொது வாய்பாடு. கீழே அம்புகள். அம்புக்கு மேல் வினைக்காரணி, கீழ் வெப்பநிலையும் கரைப்பானும், முனையில் விளைபொருள்.

ஒரு வினைக்கு ஒரே இடம்தான். எதில் தொடங்குகிறதோ அந்தத் தாளில் மட்டும் எழுதுங்கள். நைட்ரைலிலிருந்து அமீன் வருகிறதா, அது நைட்ரைல் தாளோடு போகட்டும். அமீன் தாளில் மறுபடி எழுத வேண்டாம். ஒன்றையே இரண்டு முறை படிக்க உங்களுக்கு நேரமில்லை. திரும்ப எழுதவும் வேண்டாம். பழைய தாள்களை வெட்டி ஒட்டினாலே போதும்.

நடுவில் என் தம்பி எழுதிய தாள்கள் இரண்டு இருக்கின்றன. அவன் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் எழுதுவான். அது அவனுடைய பழக்கதோஷம். அவற்றில் வலது பாதி மட்டும் நமக்குப் போதும். இடது பாதியை வெட்டிவிடுங்கள்.

வியாழன் அன்று புதிதாக எதையும் படிக்காதீர்கள். பதினான்கு தாள்களையும் மூன்று முறை புரட்டுங்கள். இந்த முறை உங்களை ஒன்றும் அசைக்க முடியாது."

கையெழுத்துப் போட்டு மடித்தபோது டீச்சருக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சுருக்கம் என்றால் இதுதான் சுருக்கம். தம்பி உயிரோடு இருந்த நாளிலேயே இதைச் சொல்லி அவனை வம்புக்கு இழுத்திருக்கிறாள்.

"ஏண்டா, ஒரே வினையை எத்தனை தடவைடா எழுதுவ? பேனா கம்பெனியில பங்கு வாங்கி வச்சிருக்கியா?"

"போறவங்களுக்கு ஒரு கதவு, வர்றவங்களுக்கு ஒரு கதவுக்கா."

"நம்ம வீட்டுக்கு ஒரே கதவு போதும். அதையும் நீ சாத்துறதில்ல."

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த மாணவனுக்கு அதே வினையை மறுபடியும் இரண்டு இடத்தில் வரைந்துகொண்டிருப்பான். எதையும் கோப்பில் போட்டு வைக்கும் ரகம் அல்ல அவன். யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குப் புதிதாக வரைந்து, கையில் கொடுத்து அனுப்பிவிடுவான்.

தலையணை உறை சைக்கிளில் திரும்பிப் போனது.

புதன்கிழமை மதியம் டீச்சருக்கு வேலை இல்லை. தன் முறை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்க ஆசை வந்தது. அவளும் தனக்காகப் பதினான்கு தாள்கள் தயாரித்து வைத்திருந்தாள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டாள். கேள்வி இதுதான்: புரோப்பன்-1-ஆலிலிருந்து பியூட்டன்-1-அமீன் தயாரிக்கும் படிகளை எழுதுக. மதிப்பெண்ணுக்குத் தக்கபடி பார்த்தால் ஏழு நிமிடம்.

மூன்று கார்பன் உள்ள ஆல்கஹால் நான்கு கார்பன் உள்ள அமீனாக வேண்டும். ஆல்கஹால் தாளை எடுத்தாள். ஒன்பது அம்புகள் ஒன்பது திசையில் போயின. எந்த அம்பில் ஏறுவது? போய்ச் சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி வரலாம் என்று அமீன் தாளை எடுத்தாள். அமில குளோரைடோடு சேர்ந்தால் அமைடு. நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்தால் ஆல்கஹால். குளோரோஃபார்மும் பொட்டாஷும் சேர்ந்தால் மூக்கைப் பொத்த வைக்கும் ஐசோசயனைடு. அமீன் எங்கெங்கே போகும் என்று எல்லாம் இருந்தது. அமீன் எங்கிருந்து வரும் என்று ஒரு வரி இல்லை.

இருக்காது. அவள்தான் இருக்க வேண்டாம் என்றாள்.

அது நைட்ரைல் தாளில் இருக்கலாம், அமைடு தாளில் இருக்கலாம், நைட்ரோ தாளில், ஹாலோ ஆல்கேன் தாளில் இருக்கலாம். அது எந்தத் தாள் என்று முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் அந்தத் தாளை எடுக்கத் தோன்றும். தெரிந்தவர்களுக்குத் தாளே எதற்கு? பதினான்கையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஆல்கஹாலை புரோமைடாக்கி, புரோமைடை நைட்ரைலாக்கி, நைட்ரைலை அமீனாக்கி முடித்தபோது பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. அதுவும் பாடம் நடத்துகிறவளுக்கு.

அறையில் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பார்த்துவிட்டதுபோல வினாத்தாளை மூடினாள்.

தம்பியின் மேசை இழுப்பறையை அவன் போனபிறகு அவள் அதிகம் திறந்ததில்லை. அன்று திறந்தாள். தீர்ந்துபோன பேனாக்கள், சாக்பீஸ் துண்டுகள், அவன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத அவளுடைய கத்தரிக்கோல். அடியில் நான்கு தாள்கள். யாருக்கோ வரைந்து, அவர்கள் வந்து வாங்காமல் போனவை. மூன்றாவது தாள் அமீன்.

இடப்பக்கம் நான்கு அம்புகள் உள்ளே வந்தன. நைட்ரைலிலிருந்து ஒன்று, பக்கத்தில் சிவப்பில் 'கூட்டல் ஒன்று'. அதாவது நைட்ரைலுக்கும் முன்னால் இருந்த புரோமைடைவிட ஒரு கார்பன் கூடும். அமைடிலிருந்து இரண்டு. ஹைட்ரைடு போட்டால் கார்பன் எண்ணிக்கை அப்படியே நிற்கும். புரோமினும் காரமும் போட்டால் 'கழித்தல் ஒன்று'. நைட்ரோவிலிருந்து ஒன்று, 'பூஜ்யம்'. அவள் கேள்வியை மறுபடி பார்த்தாள். மூன்றிலிருந்து நான்கு. கூட்டல் ஒன்று. விரல் தானாக முதல் அம்பின்மேல் போய் நின்றது. முப்பது வினாடிகூட ஆகியிருக்காது.

போகிறவர்களுக்கு ஒரு கதவு, வருகிறவர்களுக்கு ஒரு கதவு. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள்தான் விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்பது வருடமாக.

பழக்கதோஷம் என்று எழுதியிருந்தாள். மையால், கையெழுத்தோடு, அவன் மாணவிக்கே.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. இதைத்தான் பிற்பாடு அவள் யாரிடமும் சொன்னதில்லை. செருப்பை மாட்டிவிட்டுக் கழற்றினாள். அக்கா அனுபவசாலி, அவளே கண்டுபிடித்துக்கொள்வாள் என்று ஒரு மனம் சொன்னது. கடைசி நேரத்தில் குழப்பினால் இருப்பதும் போய்விடும் என்று இன்னொரு மனம் நல்ல பிள்ளையாக வாதாடியது. இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான்: ஆறு வயது பெரியவள் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிறாளே, அவள் முன்னால் போய் 'தெரியாமல் எழுதிவிட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. புதன்கிழமையின் பாதி அப்படியே வீணானது. அந்தப் பாதி நாள் அவளுடையது அல்ல, அக்காவுடையது.

வியாழன் மதியம் பன்னிரண்டரைக்குப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நின்றாள். வாசலில் செருப்பைக் கழற்றி, கூடத்து ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். நடைபாதை முழுக்க குளோரின் வாடை. ஓய்வறையைத் தாண்டும்போது வேலைநேர அட்டவணை குத்தியிருந்த பலகையில் ஏதோ பழகிய எழுத்து கண்ணில் பட்டது. நின்று பார்த்தாள். அவளுடைய கடிதத்தின் முதல் மூன்று பக்கங்கள். ஜெராக்ஸ். நான்கு மூலையிலும் ஊசி. மேலே அக்காவின் கையெழுத்தில்: 'கரிம வேதியியல் எழுதுபவர்கள் அவசியம் படிக்கவும்.'

பழக்கதோஷம் என்ற சொல் நகலில் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

"டீச்சர்! நீங்களா?" தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு அக்கா எழுந்தாள். வழக்கம்போல எழுந்தே நின்றாள். "எனக்குப் பேச்சே வரல. பரீட்சைக்கு வாழ்த்துச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமாக்கா," என்றாள் டீச்சர். வாய் அதைச் சொல்லிவிட்டது.

மேற்பார்வையாளர் பக்கத்து மேசையில் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "உங்க கடிதம்தாம்மா இங்க இப்ப பாடப்புத்தகம். இன்னும் ரெண்டு பேர் எழுதுறாங்க, அவங்களும் வெட்டி வெட்டி ஒட்டுறாங்க. கூடத்துப் பசை மொத்தமும் காலி. பசை கேட்டு நான் மேலிடத்துக்கு எழுதணும், காரணம் என்னன்னு போடுறது?"

"படிப்புன்னு போடுங்க சார், உங்களுக்குத்தான் அது வரல," என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே குழாயைத் திறந்தார்.

அக்கா பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் விரித்தாள். பதினான்கு. ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, குமிழ் இல்லாமல் ஒட்டியிருந்தாள். மில்லிகிராம் பார்க்கிற கை. "ரெண்டு நாளா விடியக்காலையில எழுந்து செஞ்சேன். என் பொண்ணு சொல்றா, கல்யாண ஆல்பம்கூட இவ்வளவு அழகா இல்லையாம்."

ஆல்கஹால் தாளையும் அமிலத் தாளையும் டீச்சர் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வலது பாதி மட்டும். தம்பி நடுவில் எழுதிய பெயருக்கு இடது ஓரமாக, அளவுகோல் வைத்துக் கத்தியால் இழுத்த நேர்கோடு. அவன் அம்புகள் வெளியே மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"இடது பாதி எங்கக்கா?"

"குப்பைக்குப் போயிடுச்சு. நேத்து சாயங்காலமே வண்டிக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான். ஏன் டீச்சர்? நீங்கதானே…"

"ஆமா. நான்தான்." டீச்சர் அந்த நேர்கோட்டின்மேல் விரலை வைத்தாள். "அக்கா, நான் வாழ்த்துச் சொல்ல வரல. நான் எழுதினது தப்பு."

"எது தப்பு? ஏதாவது வினையா?"

"அடுக்கினதே தப்பு. முழுசா."

அக்காவுக்குப் புரியவில்லை. டீச்சர் அமீன் தாளை அவள் முன்னால் தள்ளினாள். "அமீன் செய்யணும்னு கேட்டா இதுல எங்க பார்ப்பீங்க?"

அக்கா பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை விரலால் போய், திரும்ப மேலே வந்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த களை மெல்ல மெல்ல வடிவதை டீச்சர் பார்க்க வேண்டியிருந்தது.

"பாட்டில் வரிசையில இருந்தப்பவாவது ஹைட்ரைடு கட்டுல தேடினா கிடைச்சிருக்கும்," என்றாள் அக்கா மெதுவாக. "அதையும் வெட்டிட்டேன்."

"தம்பிதான் சரி. அவன் ரெண்டு தடவை எழுதினதுக்குக் காரணம் இருந்துச்சு. எனக்குத் தெரியல. தெரியாம அவனைக் குறை சொல்லி எழுதிட்டேன்."

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

இந்தக் கேள்வி வரும் என்று டீச்சர் எதிர்பார்க்கவில்லை. "நேத்து மதியம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முக்காலியில் உட்கார்ந்தாள். டீச்சர் நின்றுகொண்டிருக்க அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நேத்து மதியம் எனக்கு அரை நாள் லீவு டீச்சர். வீட்ல உக்காந்து அமிலத் தாளை ஒட்டிக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு போன் அடிச்சிருந்தா வெட்டாம விட்டிருப்பேன்." வெட்டிய ஓரத்தைத் தடவியபடி, "பொம்பள மூணு தடவை கோட்டை விட்டவ, நாலாவது தடவையும் விட்டா என்ன ஆகிடப்போகுதுன்னு நினைச்சீங்களா?" என்றாள்.

"இல்லக்கா. வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"வெக்கம்," என்றாள் அக்கா. அந்தச் சொல்லைத் தராசுத் தட்டில் வைத்துப் பார்ப்பதுபோல இருந்தது. "மூணு தடவையும் ரிசல்ட் பார்த்துட்டு மறுநாள் இதே வாசல்லதான் நான் செருப்பைக் கழட்டினேன். உங்களுக்கு வெக்கம்னா என்னன்னு நான் சொல்லித் தரணுமா?"

மேற்பார்வையாளர் குழாயை மூடிவிட்டார். டீச்சர் பையிலிருந்து சிவப்புப் பேனாவையும் தம்பியின் நான்கு தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"எல்லாத்தையும் திரும்ப எழுத வேணாம். உங்க தாள்ல இடது பக்கம் காலியாத்தான் இருக்கு. நான் ஒவ்வொரு தாளா எடுத்து, எங்க போய்ச் சேருதுன்னு படிக்கிறேன். போய்ச் சேர்ற தாளை நீங்க எடுங்க. அதோட இடது பக்கத்துல எங்கிருந்து வந்துச்சு, என்ன வினைக்காரணி, கார்பன் கூடுதா குறையுதா, இவ்வளவு மட்டும் குறிங்க. ஒண்ணரை மணி நேரத்துல முடியும்."

"எனக்கு சாப்பாட்டு நேரம் முப்பது நிமிஷம்தான்."

"போ, போ," என்றார் மேற்பார்வையாளர். "மீதி சாம்பிளை நான் எடை போடுறேன். தராசைத் தொட்டுப் பத்து வருஷம் ஆச்சு, பூஜ்யம் எந்தப் பொத்தான்னு மட்டும் காட்டிட்டுப் போ."

ஓய்வறை மேசையில் பதினான்கு தாள்களையும் பரப்பினார்கள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவே இல்லை. டீச்சர் படித்தாள், அக்கா எழுதினாள். "ஹாலோ ஆல்கேன், பொட்டாசியம் சயனைடு, நைட்ரைலுக்குப் போகுது." அக்கா நைட்ரைல் தாளை இழுத்து இடது பக்கம் குறித்தாள். "கூட்டல் ஒண்ணு." "நைட்ரைல், நீரும் அமிலமும் சேர்த்துக் காய்ச்சினா, கார்பாக்சிலிக் அமிலம்." தம்பியின் அரைத் தாள் வந்தது. வெட்டிய கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒட்டிய வெள்ளைத் தாளில், அக்கா எழுதினாள். "ஆல்டிஹைடு, ஆக்சிஜனேற்றம், அதே அமிலம்." "பூஜ்யம்." "எஸ்டர், நீராற்பகுப்பு, ஒரு பக்கம் அமிலம், ஒரு பக்கம் ஆல்கஹால்." "அப்ப ரெண்டு தாள்லயும் எழுதணும்." "ஆமா, ரெண்டுலயும்."

பாதி வழியில் அக்காவின் கை வேகம் பிடித்துவிட்டது. டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே போய்ச் சேரும் தாளை இழுக்க ஆரம்பித்தாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதி முடித்து மூடியைப் போட்டுவிட்டு, "அமிலத் தாள்ல உங்க தம்பி சார் இடது பக்கம் கீழ ஒண்ணு எழுதியிருந்தார். மெக்னீசியம்னு வரும். அது வந்துச்சா?" என்றாள்.

டீச்சர் பதினான்கையும் புரட்டினாள். மெக்னீசியம் எதிலும் இல்லை. இடைவேளை முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் எதையோ உடைத்த சத்தம் கேட்டது. "ஆல்கேன்ல இருக்கலாம்கா, நான் பார்த்துச் சொல்றேன்," என்றாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கண்டுபிடித்து, போன் செய்தபோது அக்காவின் போன் அணைந்திருந்தது. தேர்வுக்கு முதல் நாள் மாலை அவள் போனை அணைத்துவிடுவாள் என்பது டீச்சருக்கே தெரியும். போன வருடம் அந்த யோசனையைச் சொன்னதே டீச்சர்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா வினாத்தாளோடு நேரே டீச்சர் வீட்டுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"அமீன் கேட்டான். கழித்தல் ஒண்ணு. அமைடு, புரோமின், காரம்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதினேன். எஸ்டர் கேட்டான், எழுதினேன்." வினாத்தாளை நீட்டினாள். பதினேழாவது கேள்வியின்கீழ் பென்சில் கோடு. புரோமோ ஈத்தேனிலிருந்து புரோப்பனாயிக் அமிலம். இரண்டு வழிகளில் தயாரிக்கவும். "ஒரு வழி நைட்ரைல். ரெண்டாவது மெக்னீசியம். மெக்னீசியம்னு எழுதிட்டேன் டீச்சர். அதுக்கு மேல என்ன போடணும்னு வரல. அந்தத் தாள் கண்ணுக்குள்ள நிக்குது, சார் எழுதின இடம் நிக்குது, எழுத்து மட்டும் இல்ல. வெட்டின இடம் வெள்ளையா இருக்கு."

உலர்ந்த ஈதரில் மெக்னீசியம். வருவது கிரிக்னார்டு வினைக்காரணி. அதன்மேல் கார்பன் டை ஆக்சைடு, பிறகு நீர்த்த அமிலம். கூட்டல் ஒன்று. கிரிக்னார்டு பதினான்கு தொகுதிகளில் எதிலும் அடங்காது. அதனால்தான் அவளுடைய தாள் எதிலும் அது சிக்கவில்லை. தம்பி மட்டும் அது வந்து சேரும் இடத்தில், அமிலத்தின் இடது ஓரத்தில், அதற்கும் ஒரு கதவு வைத்திருந்தான். டீச்சர் அதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். தேர்வு முடிந்தபிறகு கிடைக்கும் விடையை எல்லோரும் எப்படிக் கேட்பார்களோ அப்படி.

ஏழு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. அக்கா தேர்ச்சிக்கு வேண்டியதைவிட மூன்று மதிப்பெண் கூடுதலாக எடுத்துத் தேறியிருந்தாள். பதினேழாவது கேள்வியில் பாதி போனது. அதே மூன்று மதிப்பெண் இருக்கும். தட்டு இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால்? டீச்சர் அந்தக் கணக்கை அன்றைக்கு மட்டும் போடவில்லை. இன்றைக்கும் அது முடிந்தபாடில்லை.

கூடத்தில் இன்னும் இரண்டு பேர் எழுதினார்களே, அவர்களில் ஒருத்தி தேறவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. அவளிடம் பதினான்கு தாள்களும் இடது பக்கம் காலியாகவே இருந்தன. அதை அக்கா சொல்லித்தான் டீச்சருக்குத் தெரிந்தது. அன்றே இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தாள். ஒரே பக்கம்.

"என் முதல் கடிதத்தில் ஒரு வினையை ஒரே இடத்தில் எழுதச் சொன்னேன். அது தவறு. ஒவ்வொரு வினையையும் இரண்டு தாள்களில் எழுதவும்: தொடங்கும் தொகுதியின் வலப்பக்கம் ஒரு முறை, சென்று சேரும் தொகுதியின் இடப்பக்கம் ஒரு முறை. கார்பன் கூடுகிறதா குறைகிறதா என்று சிவப்பில் குறிக்கவும். கிரிக்னார்டுக்குத் தனித் தாள் வேண்டும். இந்த முறை என் தம்பியுடையது. பழக்கதோஷம் என்று எழுதியது என் அறியாமை."

அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ரப்பர் செருப்பு, குளோரின் வாடை, பலகை. பழைய ஜெராக்ஸ் இன்னும் அங்கேயே இருந்தது. மூலை சுருண்டு, யாரோ ஓரத்தில் போன் நம்பர் வேறு எழுதியிருந்தார்கள். டீச்சர் ஊசியைப் பிடுங்கப் போனாள்.

"அதை எடுக்காதீங்க," என்றாள் அக்கா பின்னாலிருந்து. அவள் வெள்ளைக் கோட்டுப் பையில் புதுப் பேனா ஒன்று இருந்தது.

"இருந்தா அசிங்கம்கா."

"இருக்கட்டும். இதைப் பார்த்து வெட்டினவ இன்னும் இங்கதானே இருக்கா. எடுத்துட்டா அவ எதைப் பார்த்துத் தப்பு பண்ணினான்னு யாருக்குத் தெரியும்? அவளா தோத்த மாதிரி ஆயிடும். புதுசைப் பக்கத்துல குத்துங்க."

வலது பக்கம் அட்டவணை அடைத்துக்கொண்டிருந்தது. இடது பக்கம்தான் இடம் இருந்தது. டீச்சர் அங்கே குத்தினாள். நான்கு மூலைக்கும் ஊசி போதவில்லை. நான்காவதை அக்கா தன் கோட்டின் கழுத்துப்பட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தராசறைக்குத் திரும்பிப் போனாள். தேறாதவள் அங்கே முக்காலியில் உட்கார்ந்திருப்பதும், டீச்சரைப் பார்த்து அவள் அவசரமாக எழுந்து நிற்பதும் கதவிடுக்கில் தெரிந்தது.

டீச்சர் உள்ளே போய், "உக்காரும்மா, எழுந்திருக்காத," என்றாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.